மின்தேக்கி ஆற்றல் கணக்கில் மாறாதது எது?

நடுவே காப்புப் பொருள் வைத்து எதிரெதிராக நிறுத்திய இரண்டு உலோகத் தகடுகள்தாம் மின்தேக்கி. மின்விசிறி சுற்றத் திணறும்போது மெக்கானிக் கழற்றி மாற்றும் ‘கண்டன்சர்’ இதே பொருள்தான். அதன் இரு முனைகளையும் மின்கலத்தோடு இணைத்தால் ஒரு தகட்டிலிருந்து எலக்ட்ரான்கள் விலகி, மின்கலத்தின் வழியே மறு தகட்டை அடைகின்றன. ஒன்றில் +Q, மற்றொன்றில் −Q என மின்னூட்டம் சேர்கிறது. மின்தேக்கியில் Q அளவு மின்னூட்டம் உள்ளது என்று பாடநூல் சொல்வது நேர்மின் தகட்டில் உள்ள அளவை மட்டுமே. இரு தகடுகளையும் சேர்த்துக் கூட்டினால் விடை சுழிதான். எனவே மின்தேக்கி உண்மையில் சேமிப்பது மின்னூட்டத்தை அன்று. மின்னூட்டங்களைப் பிரித்து வைப்பதற்குச் செலவான ஆற்றலை.

பிரித்த மின்னூட்டம் தகடுகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாட்டுக்கு நேர் விகிதத்தில் இருக்கும். அந்த விகிதமே மின்தேக்குத்திறன்: Q = CV. ஆற்றலுக்கான வாய்பாட்டில் ½ எங்கிருந்து வருகிறது என்பது பல மாணவர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படுவதில்லை. கொத்தனார் சுவர் எழுப்புவதை எண்ணிப் பார்த்தால் போதும். முதல் வரிசைச் செங்கல் தரையிலேயே அமர்கிறது. அதைத் தூக்க வேலை ஏதும் இல்லை. கடைசி வரிசைச் செங்கலைச் சுவரின் முழு உயரத்துக்கும் தூக்க வேண்டும். சராசரியாக ஒவ்வொரு செங்கலும் பாதி உயரம் ஏறியிருக்கிறது. மின்தேக்கியிலும் முதல் துளி மின்னூட்டம் எதிர்ப்பில்லாமல் போகிறது. கடைசித் துளி முழு V-ஐ எதிர்த்து ஏறுகிறது. சராசரி V/2. அதனால் சேமித்த ஆற்றல் U = ½QV. இதில் Q-க்குப் பதில் CV என்று இட்டால் U = ½CV²; V-க்குப் பதில் Q/C என்று இட்டால் U = Q²/2C. மூன்றும் ஒன்றே. ஆனால் தேர்வில் எதை எடுப்பது என்பதில்தான் பாதிக் கணக்கு அடங்கியிருக்கிறது. அந்தச் சூழலில் எது மாறாமல் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். V மாறாவிட்டால் ½CV², Q மாறாவிட்டால் Q²/2C.

இதைக் கடைசி வரை ஒரே எடுத்துக்காட்டில் பார்க்கலாம். 6 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று, 3 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று, 90 வோல்ட் மின்கல அடுக்கு ஒன்று.

முதலில் பக்க இணைப்பு. இரு மின்தேக்கிகளின் நேர்மின் தகடுகளும் மின்கல அடுக்கின் நேர்முனையோடு, எதிர்மின் தகடுகள் எதிர்முனையோடு. ஒவ்வொன்றும் நேரடியாக அந்த 90 வோல்ட்டையே காண்கிறது. ஆறில் 540 மைக்ரோகூலூம், மூன்றில் 270 மைக்ரோகூலூம். மொத்தம் 810. இதை 90-ஆல் வகுத்தால் 9 மைக்ரோஃபாரட் வருகிறது. ஆக, பக்க இணைப்பில் மின்தேக்குத்திறன்கள் கூடுகின்றன. தகடுகளின் பரப்பு பெரிதானது போலத்தான் இது. சேமித்த ஆற்றல் ½ × 9 × 90² = 36,450 மைக்ரோஜூல். தனித்தனியே பார்த்தால் ஆறில் 24,300, மூன்றில் 12,150. மின்னழுத்தம் பொதுவாக இருப்பதால் பெரிய மின்தேக்கிக்குப் பெரிய பங்கு. இதில் குழப்பம் குறைவு.

தொடரிணைப்பில்தான் கவனம் வேண்டும். ஆறின் ஒரு தகடு மின்கல அடுக்கின் நேர்முனையோடு, மூன்றின் ஒரு தகடு எதிர்முனையோடு. ஆறின் மறு தகடும் மூன்றின் மறு தகடும் ஒரு கம்பியால் சேர்ந்திருக்கின்றன. இந்த நடுப்பகுதியை ஒரு தீவு என்றே கொள்ளலாம். இரு புறமும் காப்புப் பொருள், வெளியிலிருந்து ஒரு எலக்ட்ரானும் உள்ளே வர வழியில்லை, போகவும் வழியில்லை. இணைப்பதற்கு முன் அதில் நிகர மின்னூட்டம் சுழி. இணைத்த பின்னும் சுழியாகவே இருக்க வேண்டும். ஆறின் மேல் தகட்டில் +Q சேர்ந்தால் அதன் கீழ்த் தகட்டில் −Q தோன்றும். தீவின் மறு கரையான மூன்றின் தகட்டில் +Q மிஞ்சும். தொடரில் எல்லா மின்தேக்கிகளிலும் மின்னூட்டம் சமம் என்ற விதிக்குக் காரணம் இந்தத் தீவுதான். விதியை மனப்பாடம் செய்தவர்கள் இந்தக் காரணத்தை விட்டுவிடுகிறார்கள். அதனால், இணைக்கும் முன்பே தீவில் மின்னூட்டம் இருந்தால் விதி பொருந்தாது என்பதையும் அவர்கள் கவனிப்பதில்லை.

சமமான அந்த Q எவ்வளவு? Q/6-உம் Q/3-உம் சேர்ந்து 90 ஆக வேண்டும். Q = 180 மைக்ரோகூலூம். ஆறின் குறுக்கே 30 வோல்ட், மூன்றின் குறுக்கே 60 வோல்ட். சிறிய மின்தேக்கி பெரிய மின்னழுத்தத்தைத் தாங்குகிறது. தொகுபயன் மின்தேக்குத்திறன் 180/90, அதாவது 2 மைக்ரோஃபாரட். இருப்பதில் சிறியதான மூன்றை விடவும் இது குறைவு. தொடரிணைப்பின் விடை எப்போதும் இப்படித்தான் அமையும். அவ்வாறு அமையாவிட்டால் 1/C-யைக் கண்டுபிடித்துவிட்டுத் தலைகீழாக்க மறந்திருக்கிறோம் என்று பொருள்.

ஆற்றல் ½ × 2 × 90² = 8,100 மைக்ரோஜூல். ஆறில் ½ × 6 × 30² = 2,700; மூன்றில் ½ × 3 × 60² = 5,400. கூட்டினால் அதே 8,100. இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம்கூட ஆகாது. செய்து பார்ப்பது நல்லது. Q பொதுவாக இருப்பதால் Q²/2C-தான் இங்கே பேசும் வாய்பாடு. C பகுதியில் இருக்கிறது. ஆகவே பக்க இணைப்பில் கண்டதற்கு நேர்மாறாக, சிறிய மின்தேக்கியே அதிக ஆற்றலைப் பிடித்துக்கொள்கிறது. ½CV² என்ற ஒரே வாய்பாட்டோடு தேர்வுக்குப் போகிறவர் C பெரிதானால் U பெரிது என்று நினைத்து இங்கே சறுக்குகிறார். இரு மின்தேக்கிகளுக்கும் 90 வோல்ட் என்றே போட்டுவிடுவது இன்னொரு சறுக்கல். தொடரில் 90 வோல்ட் முழுச் சங்கிலிக்கும் உரியது; தனி மின்தேக்கிக்கு உரியது அன்று.

இந்தப் பங்கீட்டைப் பொறுத்தே தாங்கு மின்னழுத்தக் கேள்விகளும் அமைகின்றன. இரண்டு மின்தேக்கிகளும் தலா 50 வோல்ட் வரை மட்டுமே தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். தொடரில் இணைத்தால் 100 வோல்ட் தாங்கும் என்று சொல்லத் தோன்றும். அது தவறு. மூன்று மைக்ரோஃபாரட் தன் 50 வோல்ட் எல்லையை எட்டும்போது அதில் 150 மைக்ரோகூலூம் இருக்கும். அதே 150 ஆறில் இருக்கும்போது அதன் குறுக்கே 25 வோல்ட்தான். ஆகச் சங்கிலி தாங்குவது 75 வோல்ட். 90 வோல்ட் கொடுத்தால் மூன்றின் குறுக்கே 60 வோல்ட் விழுந்து அதன் காப்புப் பொருள் முறியும். முறிந்து மின்கடத்தி போலானதும் 90 வோல்ட் முழுவதும் ஆறின் மேல் விழும், அதுவும் முறியும்.

இப்போது தேர்வாளர்களுக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வரலாம். தொடரில் 90 வோல்ட்டுக்கு ஏற்றிய அந்த இரு மின்தேக்கிகளையும் மின்கல அடுக்கிலிருந்து துண்டித்து, ஒன்றிலிருந்து ஒன்றையும் பிரித்து, நேர்மின் தகட்டை நேர்மின் தகட்டோடும் எதிர்மின் தகட்டை எதிர்மின் தகட்டோடும் சேர்த்தால் என்ன ஆகும்? ‘துண்டித்து’ என்ற சொல்லைக் கேள்வியில் கண்டதும் அடிக்கோடிட வேண்டும். மின்கல அடுக்கு இருக்கும்வரை V நிலைத்திருந்தது. Q தேவைக்கேற்ப வந்து போனது. அது போன பின் புதிய மின்னூட்டம் வர வழியில்லை. இனி நிலைத்திருப்பது Q.

மொத்த Q எவ்வளவு என்பதில் ஒரு வலை இருக்கிறது. மின்கல அடுக்கு தந்தது 180 மைக்ரோகூலூம்தான். எனவே மொத்தம் 180 என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் ஆறின் நேர்மின் தகட்டில் +180, மூன்றின் நேர்மின் தகட்டிலும் +180 இருக்கிறது. மூன்றில் உள்ள அந்த +180 மின்கல அடுக்கிலிருந்து வந்ததன்று. நடுத்தீவிலேயே பிரிந்து நின்றது. இப்போது இரு நேர்மின் தகடுகளும் ஒன்றாகின்றன. அவற்றில் உள்ளது 360. ஒன்றான தகடுகளுக்கு 9 மைக்ரோஃபாரட். பொது மின்னழுத்தம் 360/9 = 40 வோல்ட். ஆறுக்கு 240, மூன்றுக்கு 120 மைக்ரோகூலூம். 60 மைக்ரோகூலூம் மூன்றிலிருந்து ஆறுக்கு நகர்ந்திருக்கிறது. அதிக மின்னழுத்தத்தில் இருந்தது 60-லிருந்து இறங்கியது, குறைந்ததில் இருந்தது 30-லிருந்து ஏறியது, இரண்டும் இடையில் சந்தித்தன. 40 என்ற விடை 30-க்கும் 60-க்கும் நடுவில் அமைவதே கணக்கு சரி என்பதன் முதல் அறிகுறி.

ஆற்றல் ½ × 9 × 40² = 7,200 மைக்ரோஜூல். முன்பு 8,100 இருந்தது. 900 குறைகிறது. ஆற்றல் அழிவின்மையை நம்பி 8,100-ஐச் சமன்பாட்டில் வைத்து மின்னழுத்தம் கண்டுபிடிக்கப் புறப்படுவதுதான் இந்தப் பாடத்தின் மிகப் பெரிய பிழை. மின்னூட்டம் அப்படியே இருக்கிறது. மின்தேக்கிகளில் உள்ள ஆற்றல் அப்படியே இருப்பதில்லை.

போன ஆற்றல் எங்கே? மின்னூட்டம் நகர்ந்தபோது கம்பியில் மின்னோட்டம் ஓடியது, கம்பி சூடானது. தொடும் நொடியில் சிறு பொறி பறக்கலாம், கொஞ்சம் மின்காந்த அலையாகவும் போகலாம். அப்படியானால் மின்தடை குறைந்த தடித்த கம்பியைப் போட்டு இழப்பைக் குறைக்க முடியாதா என்ற கேள்வி நியாயமானது. முடியாது. ஏன் என்பதை எண்களிலேயே காணலாம். சேரும் நொடியில் இரு மின்தேக்கிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு 30 வோல்ட். நடுவில் 100 ஓம் மின்தடை இருந்தால் முதல் மின்னோட்டம் 0.3 ஆம்பியர், வெப்பமாகும் வீதம் 9 வாட். 1,000 ஓம் வைத்தால் முதல் மின்னோட்டம் 0.03 ஆம்பியர், வீதம் 0.9 வாட். பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மின்னோட்டம் தணிய எடுக்கும் நேரமோ மின்தடையைப் பொறுத்துப் பத்து மடங்காக நீள்கிறது. வீதம் பத்தில் ஒன்று, நேரம் பத்து மடங்கு. பெருக்கினால் அதே 900 மைக்ரோஜூல். மின்தடையால் அவசரம் மாறுமே தவிர, மொத்தம் மாறாது.

இழப்புக்குத் தனி வாய்பாடும் உண்டு: ½ × C₁C₂/(C₁+C₂) × (V₁−V₂)². நம் எண்களில் ½ × 2 × 30² = 900. வாய்பாட்டைப் பார்த்தாலே இரண்டு செய்திகள் புரியும். வர்க்கம் இருப்பதால் இழப்பு ஒருபோதும் எதிர்க்குறி பெறாது. சேர்த்ததால் ஆற்றல் கூடியது என்று விடை வந்தால் எங்கோ பிழை இருக்கிறது. இரு மின்தேக்கிகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் இழப்பு சுழி. நகர மின்னூட்டமும் இல்லை, சூடாகக் காரணமும் இல்லை.

இனிச் சேர்க்கும் விதத்தை மாற்றுவோம். நேர்மின் தகட்டை எதிர்மின் தகட்டோடு, எதிர்மின் தகட்டை நேர்மின் தகட்டோடு. சேர்ந்த தகட்டில் +180-உம் −180-உம் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. மொத்த மின்னூட்டம் சுழி, மின்னழுத்தம் சுழி, 8,100 மைக்ரோஜூலும் வெப்பம். வாய்பாட்டில் V₂-வை −60 என்று இட்டால் ½ × 2 × 90² = 8,100 என்று அதுவும் ஒத்துப்போகிறது. ஒத்த முனைகள், எதிர் முனைகள் என்று கேள்வி சொல்லும் ஒரு சொல்லுக்கு 7,200-க்கும் சுழிக்கும் இடையிலான வித்தியாசம் இருக்கிறது.

இந்த இழப்புக் கேள்வி நீட் தேர்வில் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் வந்தது. 2016-ல் 2 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை மின்கலத்தில் ஏற்றி, சாவியைத் திருப்பி, வெறுமையாக இருந்த 8 மைக்ரோஃபாரட்டோடு சேர்த்தார்கள். சேமித்த ஆற்றலில் எத்தனை சதவீதம் வீணாகிறது என்பது கேள்வி. மின்னழுத்தத்தின் அளவே தரப்படவில்லை, V என்று மட்டும். அது தேவையும் இல்லை. மின்னூட்டம் மாறாமல் இருக்கும்போது Q²/2C-யை எடுத்தால், பகுதியில் உள்ள C 2-லிருந்து 10 ஆகிறது. ஆற்றல் ஐந்தில் ஒன்றாகிறது. மிஞ்சியது 20 சதவீதம், வீணானது 80 சதவீதம். ½CV² வழியாகப் போனாலும் இதே விடை வரும். ஆனால் முதலில் பொது மின்னழுத்தம் 0.2V என்று கண்டு, வர்க்கமாக்கி, பெருக்க வேண்டும். 2017-ல் இரண்டும் ஒரே அளவுள்ள மின்தேக்கிகள். மின்கலத்தை எடுத்துவிட்டு வெறுமையான இரட்டையைப் பக்கத்தில் இணைத்தபோது ஆற்றல் என்ன ஆகிறது என்று கேட்டார்கள். C இரட்டிப்பு, Q அதே அளவு, ஆற்றல் பாதி. மாறாதது எது என்று முதலில் கேட்டுக்கொண்டவருக்கு இரண்டும் மனக்கணக்கு.

‘பக்க இணைப்பில் ஆற்றல் கூடும், தொடரில் குறையும்’ என்று மட்டும் மனதில் வைத்திருப்பவர் 2017 கேள்விக்குத் தவறான விடை தருவார். அந்த வாக்கியம் மின்கலம் இணைந்தே இருக்கும்போதுதான் சரி. நம் எடுத்துக்காட்டில் 90 வோல்ட் நிலைத்திருந்தபோது பக்க இணைப்பில் 36,450, தொடரில் 8,100. மின்கலம் போன பின் பக்க இணைப்பே ஆற்றலைக் குறைத்தது. தகடுகளிடையே மின்காப்புப் பொருளைச் செருகும் கேள்விகளிலும் இதே பிரிவுதான். செருகியதால் C இரட்டிப்பானால், மின்கலம் இணைந்த நிலையில் ஆற்றல் இரட்டிப்பு, துண்டித்த நிலையில் பாதி.

மின்கலம் இணைந்திருக்கும்போதும் ஓர் இழப்பு நடக்கிறது. அதைத் தனியே கேட்பதும் உண்டு. தொடரிணைப்பில் மின்கல அடுக்கு 180 மைக்ரோகூலூமை 90 வோல்ட்டில் தள்ளியது. அது செய்த வேலை QV, அதாவது 16,200 மைக்ரோஜூல். சேமிப்பில் சேர்ந்தது 8,100. மீதிப் பாதி கம்பியில் வெப்பமானது. ‘மின்கலம் செய்த வேலை’ என்று கேட்டால் விடையில் ½ வராது, ‘சேமித்த ஆற்றல்’ என்று கேட்டால் வரும். விடைப்பட்டியலில் இரண்டு எண்களும் அருகருகே காத்திருக்கும்.

கடைசியாக, இழப்பே இல்லாத ஓர் இணைப்பு மாற்றம். பக்க இணைப்பில் தலா 90 வோல்ட்டுக்கு ஏற்றிய ஆறையும் மூன்றையும் துண்டித்து, ஒன்றின் எதிர்மின் தகட்டை மற்றதன் நேர்மின் தகட்டோடு மட்டும் தொடவைத்து, மற்ற இரு முனைகளையும் திறந்தே விட்டால், மின்சுற்று மூடவில்லை. மின்னூட்டம் நகர வழியில்லை. ஆறில் 540, மூன்றில் 270 என்றே நிற்கும். தொடரில் இருந்தும் மின்னூட்டங்கள் சமமில்லை, ஏனெனில் நடுத்தீவில் ஏற்கெனவே −270 நிகர மின்னூட்டம் இருக்கிறது. முனைகளுக்கு இடையே 180 வோல்ட் கிடைக்கிறது. ஆற்றல் அதே 36,450 மைக்ரோஜூல். ஜெர்மானியப் பொறியாளர் எர்வின் மார்க்ஸ் 1924-ல் உருவாக்கிய மின்னாக்கி இதே உத்தியில் இயங்குகிறது. பல மின்தேக்கிகளைப் பக்க இணைப்பில் ஏற்றி, இடையே உள்ள காற்று வெளிகளில் பொறி பறக்கவிட்டு அவற்றைத் தொடருக்கு மாற்றினால், ஒரு மின்தேக்கியின் மின்னழுத்தம் எத்தனை மின்தேக்கிகளோ ஏறக்குறைய அத்தனை மடங்காகிறது. மின்கம்பிகளைத் தாங்கும் பீங்கான்களும் மின்மாற்றிகளும் இடியைத் தாங்குமா என்று சோதிக்கும் கூடங்களில் செயற்கை இடி மின்னழுத்தத்தை இன்றும் இந்த மின்னாக்கியே தருகிறது.